மேற்கொள்ளாமல் விசாரியுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ‘விசாரணை மேற்கொண்டனர்’ என்பதுபோல் எழுதும் ‘மேற்கொள்’ பற்றியவை. தனித்தனியாகத்தான் பதில் சொல்கிறேன், ஆனால் சொன்னதையே திரும்பச் சொல்வேன்.

‘தலைவர் நிகழ்ச்சிக்கு வருகை புரிந்தார்’ என்று எழுதலாமா? (ஆசிரியை, செந்தூல்)

எழுதலாம். ‘வந்தார்’ என்று எழுதினாலும் அவர் வந்துவிடுவார்.

எங்கள் ஆலய அறிவிப்பு நீளமாக இருக்கிறது என்கிறார்கள். எதை வெட்டுவது? (ஆலயச் செயலாளர், பட்டர்வொர்த்)

ஐயா, நீங்கள் அனுப்பிய வாக்கியம் இது:

‘உண்டியல் கணக்கில் ஏற்பட்ட 300 ரிங்கிட் பற்றாக்குறை தொடர்பாகச் செயற்குழுவினரால் முழுமையான விசாரணை மேற்கொள்ளப்பட்டு, அதன் அடிப்படையில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’

வெட்டுவதற்கு முன்னால் செயலைத் தேடுங்கள். இந்த வாக்கியத்தில் உண்மையில் நடக்கப்போவது விசாரிப்பது. அதைப் பெயராக்கி ‘விசாரணை’ என்று உட்கார வைத்துவிட்டீர்கள். பெயர் தானாக நடக்காது. அதைத் தள்ளிக்கொண்டு போக ‘மேற்கொள்’ என்று வேலையில்லாத ஒரு வினை வேண்டியிருக்கிறது. அடுத்து, ‘எதைப் பற்றி’ என்று சொல்ல ‘தொடர்பாக’ வருகிறது. ‘மேற்கொள்ளப்பட்டு’ என்று ‘படு’ சேர்த்ததால், செய்தவரைச் சொல்ல ‘ஆல்’ வருகிறது. ஒரு வினையைப் பெயராக்கியதற்கு மூன்று கூலியாட்கள்.

வினையைத் திருப்பிக் கொடுத்தால்: ‘உண்டியல் கணக்கில் 300 ரிங்கிட் ஏன் குறைந்தது என்று செயற்குழு விசாரிக்கும்.’ ‘முழுமையான’ என்பதை எடுத்துவிட்டேன். அரைகுறையாக விசாரிப்போம் என்று எந்த ஆலயமும் அறிவிப்பதில்லை. அடைமொழி தேவையாக இருந்தால் ‘-ஆக’ சேர்த்து வைத்துக்கொள்ளலாம்: ‘ரகசிய விசாரணை நடத்தினர்’ என்பது ‘ரகசியமாக விசாரித்தனர்’ ஆகும்.

‘உரிய நடவடிக்கை’ என்ன என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். போலீஸ் புகாரா? ‘தவறு தெரிந்தால் போலீசில் புகார் செய்யும்’ என்று எழுதுங்கள். மொத்தத்தில் இரண்டு சொல்தான் குறைந்திருக்கிறது. ஆனால் பக்தர்களுக்கு இப்போது ஒரு செய்தி கிடைத்திருக்கிறது.

இந்த ‘படு’ மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. ‘விசாரித்தனர்’ என்றால் விகுதியே ஆட்களைக் காட்டிவிடும். ‘விசாரணை மேற்கொள்ளப்பட்டது’ என்றால் அந்த ‘து’ விசாரணையைக் காட்டுகிறது. மனிதர்கள் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார்கள். நான் பத்திரிகையில் இரவு வேலை பார்த்த காலத்தில் மலாய் அறிக்கைகள் வரும். ‘சியாசாத்தான் டிஜாலான்கான்’ என்று இருந்தால் அப்படியே ‘விசாரணை நடத்தப்பட்டது’ என்று எழுதி அச்சுக்கு அனுப்புவோம். யார் விசாரித்தார்கள் என்று கேட்க ஒரு போன் போதும். போட மாட்டோம். மலாயிலும் ‘மெஞியாசாட்’ என்ற வினை இருக்கிறது. அறிக்கை எழுதியவர் அதைத் தவிர்த்தால் நாமும் தவிர்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாதபோது ‘படு’ வரட்டும். தெரிந்தும் மறைப்பதற்கு வேண்டாம்.

‘அமைச்சர் வெள்ளப் பகுதியில் ஆய்வு மேற்கொண்டார்’ என்பதை ‘ஆய்ந்தார்’ என்று மாற்றினேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். (மாணவர், பினாங்கு)

நானும் சிரித்தேன், தம்பி. பெயருக்குள் இருக்கும் வினையை இயந்திரம் போல உருவி எடுக்காதீர்கள். அவர் என்ன செய்தார் என்று முதலில் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று நின்று பார்த்திருப்பார். ‘பார்வையிட்டார்’ போதும்.

அப்படியானால் ‘கைது செய்தனர்’ என்பதும் தவறா? (பிரிக்பீல்ட்ஸ்)

இல்லை. விசாரணைக்கு ‘விசாரி’, ஆலோசனைக்கு ‘ஆலோசி’, பரிசோதனைக்குப் ‘பரிசோதி’ இருப்பதுபோல் கைதுக்கு வினை கிடையாது. அங்கே ‘செய்’ உண்மையாக உழைக்கிறது, விட்டுவிடுங்கள். ‘கைது நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்றுதான் எழுதக் கூடாது. விசாரணையே பேச்சுப்பொருளானால் அந்தப் பெயரும் இருக்கலாம்: ‘விசாரணை அடுத்த வாரம் தொடரும்.’

என் கட்டுரையைச் சுருக்கித் தர முடியுமா? (பெயர் இல்லை)

கட்டுரையையும் காணோம்.

‘அவரிடம் விசாரணை மேற்கொண்டனர்’ என்பதை ‘அவரை விசாரித்தனர்’ என்று சுருக்கினேன். ஆசிரியர் திட்டினார். ஏன்? (பயிற்சி நிருபர், கோலாலம்பூர்)

அவர் சாட்சியா, சந்தேக நபரா? ‘அவரிடம் விசாரித்தனர்’ என்றால் அவருக்குத் தெரிந்ததைக் கேட்டார்கள். ‘அவரை விசாரித்தனர்’ என்றால் சந்தேகம் அவர் மேலேயே விழுகிறது. நலம் விசாரித்ததாகவும் சிலர் படிப்பார்கள். நீண்ட வாக்கியத்தில் இந்த வித்தியாசம் மங்கியிருந்தது, சுருக்கியதும் வெளியே வந்துவிட்டது. போலீஸ் நிலையத்துக்கு மறுபடி போன் போட்டுக் கேளுங்கள். சாட்சி என்றால் ‘அவரிடம்’.