ஆறு ஆண்டில் 30 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 5 விழுக்காடா?

கேள்வி: 2018 கடைசியில் என் ஊழியர் சேமநிதியிலிருந்து 20,000 வெள்ளி எடுத்து ஒரு யூனிட் டிரஸ்டில் போட்டேன். 2024 கடைசியில் அது 26,000 வெள்ளி. "ஆறு வருஷத்தில் 30 விழுக்காடு, அப்படியென்றால் வருஷத்துக்கு 5. சேமநிதியில் விட்டிருந்தாலும் ஏறக்குறைய இதுதான்" என்கிறார் ஏஜெண்ட். சரிதானா? நடுவில், 2021 கடைசியில், கையிலிருந்து 3,000 வெள்ளி போட்டேன். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 3,000 இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

அப்போதும் 5 விழுக்காடு தவறுதான். முதல் ஆண்டு வந்த லாபம் இரண்டாம் ஆண்டில் முதலோடு சேர்ந்து தானும் வளர்கிறது. 30ஐ ஆறால் வகுக்கும்போது அந்த வளர்ச்சி கணக்கில் வராமல் போகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். 20,000ஐ 1.05ஆல் ஆறு முறை பெருக்குங்கள். 26,802 வெள்ளி வரும். உங்களிடம் இருப்பதோ 26,000.

சரியான வழி இது: கடைசித் தொகையை முதல் தொகையால் வகுத்தால் 1.3. எந்த எண்ணை ஆறு முறை பெருக்கினால் 1.3 கிடைக்கும் என்று தேட வேண்டும். எக்செலில் இப்படித் தட்டலாம்:

```
=(26000/20000)^(1/6)-1
```

விடை 4.47 விழுக்காடு. எக்செல் இல்லையா, சாதாரணக் கால்குலேட்டரே போதும். 1.04ஐ ஆறு முறை பெருக்கினால் 1.265, குறைவு. 1.045 என்றால் 1.302, கொஞ்சம் கூடுதல். ஆக 4.5க்குச் சற்றுக் கீழே. ஒரு எச்சரிக்கை: 2018 முதல் 2024 வரை ஆண்டு இறுதி அறிக்கைகளை எண்ணினால் ஏழு வரும், ஆனால் அவற்றுக்கு இடையில் ஓடியது ஆறு ஆண்டுதான். ஏழு என்று போட்டால் விடை 3.8க்கு இறங்கிவிடும்.

இப்போது அந்த 3,000. 26,000க்குள் உட்கார்ந்திருப்பது உங்கள் சொந்தப் பணம். மேலே உள்ள சூத்திரத்துக்கு அது தெரியாது. நீங்கள் போட்டதையும் லாபம் என்றே எடுத்துக்கொள்ளும். ஏஜெண்டின் 30 விழுக்காடும் இப்படி வந்ததுதான். நீங்கள் போட்டது மொத்தம் 23,000, லாபம் வெறும் 3,000 வெள்ளி.

எக்செல் இல்லாமலே இதற்கு ஓர் எல்லை போடலாம். 3,000ஐ முதல் நாளே போட்டதாக வைத்தால் 23,000 வெள்ளி 26,000 ஆனது, ஆண்டுக்கு 2.06 விழுக்காடு. கடைசி நாளில் போட்டதாக வைத்தால் 20,000 வெள்ளி 23,000 ஆனது, 2.36 விழுக்காடு. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில். துல்லியமாக வேண்டுமென்றால் A நிரலில் தேதிகளையும் B நிரலில் தொகைகளையும் போடுங்கள். நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கழித்தல் குறி:

```
31/12/2018   -20000
31/12/2021    -3000
31/12/2024    26000
=XIRR(B1:B3,A1:A3)
```

சுமார் 2.2 விழுக்காடு வரும். ஐந்து எங்கே, இது எங்கே! முதல் வரியில் உங்கள் சேமநிதியிலிருந்து போன முழு 20,000ஐத்தான் எழுத வேண்டும். விற்பனைக் கட்டணம் கழித்து அறிக்கையில் காட்டும் தொகையை எழுதினால், அந்தக் கட்டணம் யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்.

சேமநிதி ஒப்பீட்டுக்கு வருவோம். வழக்கமான சேமிப்புக்கு வாரியம் அறிவித்த லாப ஈவு 2019 முதல் 2024 வரை வரிசையாக 5.45, 5.20, 6.10, 5.35, 5.50, 6.30 விழுக்காடு. அந்த 20,000 அங்கேயே இருந்திருந்தால் ஏறக்குறைய 27,800 வெள்ளி ஆகியிருக்கும். 3,000ஐயும் சொந்த விருப்பச் சந்தாவாக அங்கே கட்டியிருந்தால் அது ஏறக்குறைய 3,540. இரண்டும் சேர்ந்து 31,300க்கு மேல். உங்களிடம் இருப்பதைவிட 5,300 வெள்ளிக்கு மேல் கூடுதல். சேமநிதியின் வளர்ச்சி ஆண்டுக்கு ஏறக்குறைய 5.65 விழுக்காடு.

கழிந்த ஆறு ஆண்டுக் கணக்கு இது. அந்த யூனிட் டிரஸ்ட் இனிமேல் எப்படிப் போகும் என்பதை இந்த எண் சொல்லாது. ஆனால் "ஏறக்குறைய இதுதான்" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல இது போதும். அடுத்த முறை ஏஜெண்ட் வரும்போது, எந்தத் தேதியில் எவ்வளவு போட்டோம் என்ற பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுங்கள்.