இடது கையும் வலது கையும்: ரேகை மாறுகிறதா?

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 43. கோட்டையூரில் இருக்கிறேன், ஓலைக் கொட்டான் பின்னுகிறேன். என் இடது கையில் விதி ரேகை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் அடிவரை நேராகப் போகிறது. வலது கையில் பாதியிலேயே, உள்ளங்கை நடுவில் குறுக்காக ஓடும் புத்தி ரேகையைத் தொட்டதும் நின்றுவிட்டது. பெண்களுக்கு இடது கைதான் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆயா சொல்வார்கள். காரைக்குடியில் கை பார்த்த ஒருவர் வலது கைதான் கணக்கு, 35 வயதுக்குமேல் சொந்தத் தொழில் நிற்காது என்று சொல்லிவிட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் வலது கையிலும் ரேகை முழுசாக இருந்ததாக எனக்கு ஞாபகம். ரேகை அழியுமா? எந்தக் கையை நம்புவது? எழுதுவது, சாப்பிடுவது வலது கையால். ஓலை வாருவது, அரிவாள்மனையில் நறுக்குவது எல்லாம் இடது கைதான். இரண்டு கையையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

வாசகி, கோட்டையூர்

அன்புள்ள ஆச்சி,

முதலில் உங்கள் படங்களைச் சொல்லிவிடுகிறேன். ‘வலது’ என்று குறித்த படத்தில் கட்டைவிரல் இடப்பக்கம் இருக்கிறது. விரல்கள் மேலே பார்க்க, உள்ளங்கை நம்மைப் பார்க்க இருந்தால் வலது கையின் கட்டைவிரல் நமக்கு வலப்பக்கம்தான் வர வேண்டும். குறித்தது தவறோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் பின்சுவரில் தொங்கும் காலண்டரின் எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கின்றன. செல்ஃபி கேமராவில் எடுத்த படம் அது. கை வலதுதான், படம்தான் புரண்டிருக்கிறது. கைப்படம் பார்த்துப் பலன் சொல்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஒரு படம் புரண்டால் இடது வலதாகி, சொன்னது அத்தனையும் கை மாறிப்போகும்.

அடுத்து, எந்தக் கை என்பது. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்பது நம் சாமுத்ரிகா வழக்கம். உங்கள் ஆயா சொன்னது அதைத்தான். ஐரோப்பிய வழிக் கைரேகை ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. அதிகம் வேலை செய்யும் கையை வாழ்ந்த கை என்றும், மற்றதைப் பிறவிக் கை என்றும் எடுத்துக்கொள்ளும். காரைக்குடிக்காரர் இரண்டாவது வழியில் போயிருக்கிறார். ஆனால் அந்த வழியில் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவர் கேட்கவில்லை. நம் ஊரில் எழுதுவதையும் சாப்பிடுவதையும் வைத்துக் கைப்பழக்கத்தைத் தீர்மானிக்க முடியாது. அந்த இரண்டையும் வலது கையால் செய்யச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்காத வேலைகளைத்தான் கேட்க வேண்டும்: ஊசியில் நூல் கோக்கும்போது நூல் எந்தக் கையில், தீக்குச்சி எந்தக் கையில், கல்லை எறிவது எந்தக் கை. ஓலையை வாருவதும் நறுக்குவதும் இடது கையால் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேலைக் கை இடது. ஆயாவின் வழியில் போனாலும், கைப்பழக்க வழியில் போனாலும், உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது இடது கைதான். அதில் விதி ரேகை நடுவிரலுக்கு அடியிலுள்ள சனி மேடுவரை போகிறது. அவர் எடுத்துக்கொண்ட முறைப்படியே அவர் சொன்ன பலன் நிற்காது.

வயதுக் கணக்கையும் பார்த்துவிடலாம். விதி ரேகையை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அது புத்தி ரேகையைக் கடக்கும் இடம் 35, அதற்கு மேலே விரல்களுக்குக் கீழே ஓடும் இருதய ரேகையைக் கடக்கும் இடம் ஏறத்தாழ 50 என்று வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். 35 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். உங்களுக்கு 43 ஆகிவிட்டது, கொட்டான் தொழிலும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை இனிமேல் மனதில் சுமக்காதீர்கள். இன்னொன்று: ரேகை புத்தி ரேகையில் நிற்பதை மட்டும் வைத்துத் தொழில் அழிவு என்று ஒரே வரியில் தீர்த்துவிடக் கூடாது. நின்ற இடத்துக்குப் பக்கத்தில், மோதிர விரலுக்கு அடியிலுள்ள சூரிய மேட்டின் பக்கமோ ஆள்காட்டி விரலுக்கு அடியிலுள்ள குரு மேட்டின் பக்கமோ தள்ளி, வேறு ரேகை கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். கிளம்பினால் அது வழி மாறியது என்றுதான் பொருள் கொள்ளப்படும். உங்கள் படத்தில் வெளிச்சம் நேராக உள்ளங்கையில் விழுந்து மேல்பாதி வெளிறிப்போயிருக்கிறது. அங்கே ரேகை இல்லையா, இருந்தும் தெரியவில்லையா என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் கேட்டதில் முக்கியமானது, ரேகை அழியுமா என்பது. இடது கை பிறவி, வலது கை வாழ்ந்தது என்று சொல்லிச் சொல்லி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் பிறந்தபின் வந்த மாற்றம் என்று பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இது சரியில்லை. ஆயுள், புத்தி, இருதயம் என்ற மூன்று பெரிய ரேகைகளும் தாய் வயிற்றில், கருவின் ஏறக்குறைய 8ஆம் வாரத்திலிருந்து 13ஆம் வாரத்துக்குள் உருவாகிவிடுகின்றன. அப்போதே இரண்டு கையிலும் ஒரே மாதிரி அமைவதில்லை. பிறந்த குழந்தையின் கைகளை விரித்துப் பாருங்கள், ஒரு கையில் புத்தி ரேகையும் ஆயுள் ரேகையும் ஒட்டியிருக்கலாம், மறு கையில் விலகியிருக்கலாம். அந்தக் குழந்தை ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. ஆகவே இடதையும் வலதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும், மாற்றம் தெரியாது. மாற்றம் தெரிய வேண்டுமானால் ஒரே கையின் பழைய பதிவையும் புதிய பதிவையும் அருகருகே வைக்க வேண்டும்.

அப்படி வைத்தால் மூன்று பெரிய ரேகைகளின் பாதை அப்படியே இருக்கும். வயது ஏற ஏறத் தோல் தளர்ந்து பள்ளம் ஆழமாகும், ஆனால் இடம் மாறாது. மாறுகிறவை மெல்லிய ரேகைகள். விதி ரேகை, சூரிய ரேகை, புதன் ரேகை எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவைதான். உடல் மெலிந்தால் புதுக் கீறல்கள் தெரியும், சதை போட்டால் மறையும். வேலையும் மறைக்கும். ஆத்தங்குடியில் பூக்கல் போடுகிறவர்களின் கையைப் பார்த்தால் புரியும். சிமெண்டு தோலை வறட்டி, தடிக்க வைத்து, குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு உண்டாக்கிவிடும். வெடிப்பு தோலின் சிறு வரிகளை அறுத்துக்கொண்டு போகும், ஓரம் கரடாக இருக்கும், சில வாரம் கையை வேலையிலிருந்து விலக்கி எண்ணெய் தடவினால் ஆறிவிடும். ரேகை மடிப்பில் ஓடும், கையைக் குவித்தால் அதே இடத்தில் மடியும். இந்தச் சோதனை தெரியாதவர்கள் வெடிப்பைத் துன்ப ரேகை என்று படித்துவிடுகிறார்கள். ஓலை வேலையிலும் இதே கதைதான். எந்தக் கை ஓலையை இழுத்துப் பிடிக்கிறதோ அதில் காய்ப்பு ஏறும், காய்ப்புக்கு அடியில் மெல்லிய ரேகை தெரியாமல் போகும். உங்கள் வலது கைதான் பின்னும்போது ஓலையைப் பிடித்துக்கொள்ளும் கையா? நடுவிரலுக்குக் கீழே தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பத்து வருடத்துக்கு முந்தைய ஞாபகத்தை மட்டும் நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கையை விறைத்து விரித்தால் விதி ரேகை பாதி காணாமல் போகும், லேசாகக் குவித்தால் முழுசாக எழுந்துவிடும். அன்று குவித்துப் பார்த்திருக்கலாம். இன்று விரித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள்.

அதனால் மைப்பதிவு எடுத்து அனுப்புங்கள். ரப்பர் முத்திரைக்கு வைக்கும் கறுப்பு மைப்பேடு போதும். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். பாத்திரம் தேய்த்த கையோடு எடுத்தால் ஊறிய தோல் பொய் ரேகை காட்டும். பேடை உள்ளங்கை முழுவதும் ஒற்றி, மை மெல்லிசாகப் பரவுமாறு பாருங்கள். மை அதிகமானால் மெல்லிய ரேகைகள் அடைந்துபோகும், அழிந்துவிட்டது என்று நாம் ஏமாந்துபோவோம். மேசையில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் வெள்ளைத்தாளை வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் உள்ளங்கையின் நடுக்குழி தாளில் படாது, விதி ரேகை ஓடுவதோ அந்தக் குழியில்தான். கையைத் தளர்வாக வைத்து, வேறொருவர் புறங்கையை மெதுவாக அழுத்த வேண்டும். மறுபடி மை தடவாமல் அடுத்தடுத்து மூன்று தாளில் எடுங்கள், இரண்டாவதுதான் பெரும்பாலும் தெளிவாக விழும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் மை போய்விடும். தாளை எடுத்த கையோடு ‘வலது’, ‘இடது’ என்றும் தேதியும் எழுதிவிடுங்கள். மைப்பதிவில் கை புரண்டுதான் விழும், வலது கையின் கட்டைவிரல் தாளில் இடப்பக்கம் இருக்கும். பிறகு பார்த்து எழுதலாம் என்று விட்டால் குழப்பம்தான்.

பதிவில் விரல்களின் அடிப்பகுதி மட்டும் விழவேயில்லை, எத்தனை தடவை அழுத்தினாலும் விரல் தாளில் படியவில்லை என்றால் ரேகையை விட்டுவிடுங்கள். கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் சேர்த்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று முழுக்கப் படியாமல் நடுவே இடைவெளி தெரிந்து, தோலும் தடித்து மெழுகுபோல் இருந்தால், சர்க்கரை வியாதியில் மூட்டு இறுகுவதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டியது அது.

பதிவு வந்ததும் நான் முதலில் அளப்பது ரேகையை அல்ல. கட்டைவிரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலின் அடியிலும் தோலின் நுண்வரிகள் மூன்று பக்கத்திலிருந்து வந்து முட்டும் ஒரு முக்கோணப் புள்ளி உண்டு. இந்த நுண்வரிகள் கருவின் ஆறாம் மாதத்துக்குள் அமைந்துவிடும், அமைப்பு பிறகு மாறாது. நடுவிரல் அடியிலுள்ள புள்ளியிலிருந்து விதி ரேகையின் முனை எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று குறித்துக்கொண்டால், அடுத்த பதிவில் ரேகை வளர்ந்ததா, குறைந்ததா என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம். இரண்டு மில்லிமீட்டருக்குள் வரும் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அழுத்தம் கூடிக் குறைந்தாலே அவ்வளவு நகரும்.

பதிவோடு உங்கள் வாழ்க்கையில் எந்த வயதில் என்ன நடந்தது என்று எழுதாதீர்கள். நான் முதலில் பதிவைப் பார்த்து வயதுகளைக் குறித்து அனுப்புகிறேன், அதற்குப் பிறகு உங்கள் குறிப்பு வரட்டும். முன்பே தெரிந்துவிட்டால் ரேகையை அந்த வயதுக்கு இழுத்துப் பொருத்திவிடுவோம், எவ்வளவு கவனமாக இருந்தாலும்.

அடுத்த பதிவை இரண்டு வருடம் கழித்து, இதே மாதத்தில் எடுங்கள். மார்கழியில் வறண்ட கையும் சித்திரையில் வேர்த்த கையும் ஒரே ரேகையை ஒரே மாதிரிப் பதிக்காது.