தேடல் முடிவுக்குள் அடங்கும் தலைப்பும் விவரிப்பும்: கேள்வி பதில்

கேள்வி (சைக்கிள் பராமரிப்பு பற்றி எழுதுபவர்): செயின் சுத்தம் பற்றிய என் பக்கம் கூகுளில் ஏறத்தாழ ஆறாம் இடத்தில் வருகிறது. மாதம் 4,000 முறை காட்டப்பட்டும் 40 கிளிக்தான் கிடைக்கிறது. சொற்கள் எல்லாவற்றையும் தலைப்பில் வைத்திருக்கிறேனே, என்ன குறை? தற்போது இருப்பது இதுதான்:

```html
<title>முகப்பு | மிதிவண்டிப் பராமரிப்பு | சைக்கிள் செயின், பிரேக், டயர் | செயின் சுத்தம் செய்தல்</title>
<meta name="description" content="எங்கள் தளத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். சைக்கிள் தொடர்பான அனைத்துத் தகவல்களும் இங்கே கிடைக்கும்.">
```

பதில்: சொற்கள் இருக்கின்றன, ஆனால் தேடுபவர் தேடும் சொல் கடைசியில் இருக்கிறது. கூகுள் தலைப்பை வலப்பக்கத்திலிருந்து வெட்டுவதால், கணினித் திரையில் "முகப்பு", "பராமரிப்பு" ஆகியவை நின்று, "செயின் சுத்தம்" மறைந்துபோகிறது. விவரிப்போ எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் வரவேற்புரையாக இருக்கிறது. செயினில் கறுப்பாக அப்பிக்கொண்ட அழுக்கைப் பார்த்தபடி தேடிக்கொண்டிருப்பவருக்கு அதில் எதுவும் இல்லை.

மாற்றி எழுதுவதற்கு முன், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, இந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தத் தேடல்களுக்கு அது காட்டப்படுகிறது என்று பாருங்கள். "சைக்கிள் செயின் சுத்தம் செய்வது", "செயின் கழற்றாமல் சுத்தம்" போன்றவை மேலே வந்தால், தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்களை அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். "செயினுக்கு எந்த எண்ணெய்" என்ற தேடலும் அடிக்கடி வந்து, அதற்கான விடை பக்கத்தில் உண்மையிலேயே இருந்தால், அதை விவரிப்பில் சேர்க்கலாம். ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தால் சேர்க்காதீர்கள். வந்தவர் உடனே திரும்பிப் போய்விடுவார். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

```html
<title>சைக்கிள் செயினைக் கழற்றாமல் சுத்தம் செய்வது எப்படி?</title>
<meta name="description" content="பழைய டூத் பிரஷ், டீகிரீசர், துணி போதும். எண்ணெயை எங்கே, எவ்வளவு விட வேண்டும், துருப்பிடித்த செயினை எப்போது மாற்ற வேண்டும் என்பவை படங்களுடன்.">
```

தலைப்பு தேடியவரின் கேள்வியை அப்படியே ஏற்கிறது. "கழற்றாமல்" என்ற ஒரு சொல், மற்ற ஒன்பது முடிவுகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. விவரிப்பின் முதல் வாக்கியம் ஆறு சொற்களில் முடிந்துவிடுவதால், மீதி வெட்டுப்பட்டாலும் "நம்மிடம் இருக்கும் பொருளே போதும்" என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்வி (புதிதாகத் தளம் தொடங்கியவர்): தலைப்பு 60 எழுத்து, விவரிப்பு 160 எழுத்துக்குள் இருந்தால் கூகுள் வெட்டாது என்று படித்திருக்கிறேன். அதைக் கடைப்பிடித்தால் போதும் அல்லவா?

பதில்: ஆங்கிலத்துக்கு அது பயன்படக்கூடிய தோராயக் கணக்கு. ஆனால் கூகுள் எண்ணுவது எழுத்தை அல்ல, தலைப்பு திரையில் பிடிக்கும் அகலத்தை. இத்தனை எழுத்துதான் இருக்க வேண்டும் என்று கூகுள் எந்த வரம்பையும் விதிக்கவில்லை. காட்டும் கருவியின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. கணினியில் தலைப்புக்கு ஏறத்தாழ 600 பிக்சல் கிடைக்கிறது என்பது பலர் அளந்து கண்டது.

தமிழில் இந்தக் கணக்கு இரண்டு வகையில் பிசகுகிறது. மேலே நான் எழுதிய செயின் தலைப்பை இடைவெளியும் வினாக்குறியும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 32 வரும். அதையே பெரும்பாலான எண்ணும் கருவிகளில் ஒட்டினால் 51 என்று காட்டும், ஏனென்றால் யூனிகோடில் "செ" என்பது ச, ஒற்றைக்கொம்பு என இரண்டு குறிகள்; புள்ளி வைத்த "ன்" கூட இரண்டுதான். இது ஒரு பக்கம் இருக்க, "செ", "னை" போன்ற எழுத்துகள் ஆங்கில எழுத்தைவிட மிக அகலமானவை. ஆகவே கருவி 60க்குள் என்று பச்சை விளக்குக் காட்டினாலும் திரையில் வெட்டுப்படலாம்.

விவரிப்பின் 160ம் நிலையான எண் அல்ல. 2017 டிசம்பரில் கூகுள் அந்த இடத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக நீட்டியது. அதை நம்பிப் பலர் நீளமாக மாற்றி எழுதினார்கள். 2018 மே மாதம் அது மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்கியது. எண்ணைத் துரத்துவதைவிட, எங்கே வெட்டினாலும் பொருள் கெடாத வரிசையில் எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

கேள்வி (நிரலாளர்): நான் எழுத்தை எண்ணுவதில்லை, பிரவுசர் கன்சோலில் இப்படி அளக்கிறேன். 600க்குள் வரும் தலைப்பும் சில கணினிகளில் வெட்டுப்படுகிறது. மொபைலிலோ அதைவிட நீளமானது முழுதாக வருகிறது. அளவுகோல் தவறா?

```js
const c = document.createElement("canvas").getContext("2d");
c.font = "20px Arial";
c.measureText("சைக்கிள் செயினைக் கழற்றாமல் சுத்தம் செய்வது எப்படி?").width;
```

பதில்: அளவுகோல் சரிதான், எழுத்துருதான் நீங்கள் நினைப்பது அல்ல. ஏரியலில் தமிழ் எழுத்துகள் இல்லாததால், இயங்குதளம் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் வைக்கிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொன்றிலும் எழுத்தகலம் வேறுபடுவதால், உங்கள் கணினியில் கிடைத்த எண் உங்கள் கணினிக்கு மட்டுமே உரியது. மொபைலில் தலைப்பு இரண்டு வரியாக மடிவதால் அங்கே இடம் கூடுதல்.

எனவே ஒன்றிரண்டு சொல் அளவுக்கு இடம் விட்டே எழுதுங்கள். தளப்பெயரைத் தலைப்பின் வாலில் ஒட்டும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். கூகுள் இப்போது தளப்பெயரைத் தலைப்புக்கு மேலே தனியாகக் காட்டுகிறது. பெயரைக் கண்டே கிளிக் செய்யும் வாசகர்கள் உள்ள தளத்துக்கு அது வாலில் இருப்பதில் இன்னும் பயன் இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. சிறிய தமிழ்த் தளங்களுக்கு அந்த இடம் வீண் என்பது என் கருத்து.

கேள்வி (அங்காடித் தளம் நடத்துபவர்): மெட்டா கீவேர்ட்ஸில் 30 சொற்கள் சேர்த்திருக்கிறேன். அவற்றையே விவரிப்பிலும் போட்டால் இன்னும் மேலே வருமா?

பதில்: வராது. கீவேர்ட்ஸ் மெட்டாவைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. விவரிப்பையும் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று அப்போதே சொன்னது. விவரிப்பு மனிதர் படிப்பதற்கு. சொற்பட்டியலைக் கண்டால் கூகுள் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம்.

கேள்வி (செய்தித் தள ஆசிரியர்): நாங்கள் எழுதும் தலைப்பைக் கூகுள் அடிக்கடி மாற்றிவிடுகிறது. கட்டுரைகள் தமிழில், டைட்டிலை மட்டும் ஆங்கிலத்தில் வைக்கிறோம், தேடுவோர் ஆங்கிலத்தில் தட்டுவார்கள் என்பதற்காக.

பதில்: காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பக்கத்தின் உள்ளடக்கம் ஒரு மொழியிலும் டைட்டில் வேறு எழுத்திலும் இருந்தால் அந்த டைட்டிலைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுவோம் என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே சொல்கிறது. அப்போது பெரும்பாலும் பக்கத்தின் மேலே பெரிதாகத் தெரியும் தலைப்பை, அதாவது `<h1>`இல் உள்ளதை எடுத்துக்கொள்ளும். மற்ற பக்கங்கள் உங்களுக்குக் கொடுத்த இணைப்புச் சொற்களையும் சில வேளை எடுக்கும்.

2021 ஆகஸ்டில் கூகுள் இந்த முறையை மாற்றியபோது பெரும் கூச்சல் எழுந்தது. அடுத்த மாதம், ஏறத்தாழ 87 விழுக்காடு முடிவுகளில் டைட்டிலையே பயன்படுத்துவதாக அது விளக்கம் அளித்தது. மீதியில் விழும் பக்கங்களில் வழக்கமாகக் காணப்படும் குறைகள் சிலவே: எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தொடக்கம், போன ஆண்டின் எண் மாறாமல் நிற்பது, அளவுக்கு மீறிய நீளம், உங்களுடையதைப் போன்ற மொழிப் பிளவு. டைட்டிலையும் `<h1>`ஐயும் தமிழில், ஒரே பொருளில், சற்றே வேறுபட்ட சொற்களில் வையுங்கள். அதன் பிறகும் மாற்றினால், மாற்றியதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்; சில வேளை அது நம்முடையதைவிட நன்றாகவே இருக்கும்.

கேள்வி (சமையல் குறிப்பு எழுதுபவர்): எனக்குத் தலைப்பில் சிக்கல் இல்லை. விவரிப்பு எழுதியும், கூகுள் அதை விட்டுவிட்டுப் பக்கத்தின் மேலே உள்ள "இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது" என்ற வரியைக் காட்டுகிறது.

பதில்: அந்தப் பகுதியை ஸ்னிப்பெட்டுக்கு, அதாவது முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் வரிகளுக்கு, எடுக்க வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்:

```html
<div data-nosnippet>இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது.</div>
```

இதனால் உங்கள் விவரிப்பே வரும் என்ற உறுதி கிடைக்காது. ஒவ்வொரு தேடலுக்கும் பொருத்தமான வரியைக் கூகுள் பக்கத்திலிருந்தே பொறுக்குகிறது. விவரிப்பு அதைவிடப் பொருத்தமாக இருந்தால்தான் அதை எடுக்கும். ஆகவே தேடலில் அடிக்கடி வரும் சொற்கள் விவரிப்பில் இயல்பாக இடம்பெறட்டும். பக்கத்தின் முதல் பத்தியையும் அது தனியே எடுக்கப்பட்டாலும் பொருள் தரும்படி எழுதுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: `nosnippet` என்ற பக்க அளவிலான கட்டளையை இதற்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள், அது அந்தப் பக்கத்தின் விவரிப்பு முழுவதையும் முடிவுகளிலிருந்து நீக்கிவிடும்.

கேள்வி (நிரலாளர், மீண்டும்): கிளிக் கூடினால் தரவரிசையும் ஏறும் என்கிறார்களே? அப்படியானால் கொஞ்சம் பரபரப்பாக எழுதுவதில் தவறில்லையே.

பதில்: கிளிக்குகளுக்கும் தரவரிசைக்கும் உள்ள உறவைக் கூகுள் நெடுங்காலம் தெளிவாகச் சொல்லாமலே இருந்தது. அமெரிக்க அரசு அதன்மீது தொடுத்த வழக்கில், 2023இல் கூகுளின் பாண்டு நாயக் அளித்த சாட்சியத்தில், கிளிக்குகளைப் பயன்படுத்தும் நவ்பூஸ்ட் என்ற அமைப்பு பற்றி வெளிப்பட்டது. ஆனால் ஒரு தலைப்பை மாற்றி எழுதியதால் கூடும் சில கிளிக்குகள் ஒரு பக்கத்தை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு அதிலிருந்து விடை கிடைக்காது. இது இன்னும் விவாதத்துக்கு உரியதுதான். பரபரப்பைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை. "செயினில் இதைத் தடவினால் அதிர்ந்துபோவீர்கள்" என்ற தலைப்பைக் கிளிக் செய்தவர், எதைத் தடவுவது என்று தெரியாமல் நொடியில் திரும்பிவிடுவார். "எதை, எங்கே, எவ்வளவு" என்று குறிப்பாகச் சொல்வதே அழைப்பு.

கேள்வி (சைக்கிள் பராமரிப்பு பற்றி எழுதுபவர், மீண்டும்): நீங்கள் சொன்னபடி மாற்றி ஐந்து நாள் ஆகிறது, பழைய தலைப்பே தெரிகிறது. மாற்றம் பயன் தந்ததா என்று எப்போது, எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்: கூகுள் மீண்டும் வந்து பக்கத்தைப் படித்த பிறகே புதியது தெரியும், அதற்குச் சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகலாம். சர்ச் கன்சோலில் யூஆர்எல் ஆய்வுப் பெட்டியில் முகவரியை இட்டு, மறு அட்டவணையாக்கம் கோரலாம். புதிய தலைப்பு முடிவுகளில் தெரியத் தொடங்கிய நாளைக் குறித்துவைத்து, அதற்குப் பிந்தைய 28 நாள்களை, நீங்கள் தலைப்பை மாற்றுவதற்கு முந்தைய 28 நாள்களோடு ஒப்பிடுங்கள். மொத்த கிளிக்கைப் பார்க்காமல், ஒரே தேடல் சொல்லுக்கான கிளிக் விகிதத்தைச் சராசரி இடத்தோடு சேர்த்துப் பாருங்கள். விகிதம் இரட்டித்து, இடமும் ஆறிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தால், அதில் தலைப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இடம் ஆறிலேயே இருந்து விகிதம் மட்டும் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் உங்கள் தலைப்பின் வேலை. 40 கிளிக் என்ற சிறிய அளவில் ஒரு மாத ஏற்ற இறக்கம் தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்பதால், இரண்டாவது மாதமும் அதே திசையில் போகிறதா என்று பார்க்கும்வரை மற்ற பக்கங்களை மாற்றாதீர்கள்.