அடல் பென்ஷன் தவணை நின்றுபோனால்

"கொத்தனார் வேலை, வயசு 35. அடல் பென்ஷனுக்கு மாசம் 902 ரூபாய். மூணு மாசமா கணக்குல பணம் இல்ல. மூடிடலாமா?"

மூடாதீங்க. மூடினா கட்டின பணமும் வட்டியும்தான் வரும், பென்ஷன் போயிடும். தாமதத்துக்கு நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபாய்தான் அபராதம். ஆனா கணக்குல பணம் விழுந்ததும் பாக்கி மொத்தமும், அதாவது 2,706 ரூபாயும் அபராதமும், பிடிச்சுடுவாங்க. வாடகைப் பணத்தை அதுல போடாதீங்க.

உண்மையான சிக்கல் தொகைதான். மாசச் சம்பளக்காரருக்கு பி.எஃப். பணத்தை முதலாளி பிடிச்சுக் கட்டுவார். மழைக்காலத்துல வேலை நிக்கிறவருக்கு அப்படி யாரு இருக்கா? நீங்க இப்ப எடுத்திருக்கிற மாசம் 5,000 ரூபாய் பென்ஷனுக்குப் பதிலா 2,000 எடுத்தா, 35 வயசுல சேர்றவருக்குத் தவணை 362தான். வங்கியில மாற்றுப் படிவம் குடுங்க. நிதியாண்டுக்கு ஒருமுறை மாத்தலாம். வேலை நல்லா ஓடுற வருஷம் திரும்பக் கூட்டிக்கலாம்.