பழைய அக்கவுண்ட் மேனேஜர் போறார்னா கிளையன்ட்கிட்ட எப்படி சொல்றது?

கேள்வி: நாலு வருஷமா எங்க கிளையன்ட்களை பாத்துக்கிட்ட அக்கவுண்ட் மேனேஜர் ரிசைன் பண்ணிட்டார், இன்னும் மூணு வாரம்தான் இருப்பார். அவர் கையில 14 கிளையன்ட். புதுசா ஒருத்தங்களை எடுத்தாச்சு. எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டா போதுமா? பெரிய கிளையன்டுக்கு ரெண்டு மாசத்துல ரினியூவல் வேற, அதான் பயமா இருக்கு.

பதில்: மெயில் போடணும், ஆனா அது போன்ல பேசின அப்புறம்தான். முதல் வாரம் கிளையன்ட்கிட்ட எதுவுமே சொல்லாதீங்க, பழையவரையும் புதுசா வந்தவங்களையும் ஒரே ரூம்ல உக்கார வைங்க, பெரிய கிளையன்ட் ஒவ்வொருத்தருக்கும் ஒன்றரை மணி நேரமாவது. சிஆர்எம்ல இருக்கறதை திரும்ப வாசிக்க இல்ல, அதை அவங்களே படிச்சுக்குவாங்க. அதுல இல்லாத விஷயம்தான் வேணும். வாய்வார்த்தையா என்னென்ன ஒத்துக்கிட்டீங்க? கடைசியா எதுக்கு கோவப்பட்டாங்க, அது எப்படி முடிஞ்சது? கையெழுத்து போடறது யார், அவர் யார் சொன்னா போடுவார்? இந்த மூணையும் நீங்களே பக்கத்துல இருந்து கேளுங்க, ஏன்னா கிளம்புற ஆளுக்கு அதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமாவே தோணாது, நாலு வருஷ பழக்கத்துல அது அவருக்கு மூச்சு விடற மாதிரி ஆகியிருக்கும்.

நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல இதுல அடி வாங்கியிருக்கேன். ஒப்பந்தப்படி மாசாந்திர ரிப்போர்ட் 5ஆம் தேதி போகணும், ஆனா பழையவர் ஒரு கிளையன்டுக்கு மட்டும் 2ஆம் தேதியே அனுப்பிட்டு இருந்தார், அவங்க மேலிடத்து மீட்டிங் 3ஆம் தேதிங்கறதால. எங்கயும் எழுதி வைக்கல. புது ஆள் ஒப்பந்தத்தை பாத்து கரெக்டா 5ஆம் தேதி அனுப்பினார், அவர் மேல தப்பே இல்ல. கிளையன்ட் ஒரு வார்த்தை கேக்கல. ரினியூவல் வந்தப்போதான் "முன்ன மாதிரி இல்லீங்க"னு சொன்னாங்க. கிளையன்டுக்கு புது முகம் வர்றது பெரிய பிரச்சனை இல்ல, எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லணுமேங்கறதுதான் அலுப்பு.

ரெண்டாவது வாரம் போன். 14 பேருக்கும் ரெண்டே நாள்ல பேசி முடிச்சிடணும், இழுத்தா விஷயம் வேற வழியா அவங்க காதுக்கு போயிடும். முதல்ல ரினியூவல் பக்கத்துல இருக்கறவங்க, அடுத்து ஏதாவது புகார் நிலுவைல இருக்கறவங்க, அப்புறம் மத்தவங்க. பேச வேண்டியது பழையவர், நீங்க இல்ல. ஆனா அவர் போட்டி கம்பெனிக்கு போறார்னா நீங்களும் லைன்ல இருங்க. சுருக்கமா இப்படி பேசினா போதும்: "இந்த மாசம் 28ஓட கிளம்பறேன், முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு கூப்பிட்டேன். இனிமே உங்க வேலைய புதுசா வந்திருக்கறவங்க பாப்பாங்க, உங்களை மாதிரியே நிறைய கிளை இருக்கற ரெண்டு கம்பெனிய இதுக்கு முன்னாடி பாத்திருக்காங்க. வியாழக்கிழமை மூணு பேரும் அரைமணி நேரம் பேசலாமா?" ரொம்ப திறமைசாலி, சூப்பரா பண்ணுவாங்கன்னு அளக்க வேணாம், இந்த கிளையன்டுக்கு பொருந்தற ஒரே ஒரு காரணம் சொன்னா போதும், அது நிஜமாவும் இருக்கணும். போன் வச்ச அன்னைக்கே மெயில் போகணும். எந்த தேதில இருந்து யாரை கூப்பிடணும், நடந்துக்கிட்டு இருக்கற வேலை ஒவ்வொண்ணும் என்னைக்கு முடியும், அவங்க கிடைக்கலைன்னா அடுத்து யாரு, அவ்வளவுதான் அதுல.

இப்போ அந்த மூணு பேர் மீட்டிங். இதைத்தான் நிறைய பேர் கெடுத்துடறாங்க. புதுசா வந்தவங்க "உங்க பிசினஸ் பத்தி கொஞ்சம் சொல்லுங்களேன்"னு ஆரம்பிச்சா அங்கேயே முடிஞ்சது, நாலு வருஷம் சொன்னதெல்லாம் வேஸ்ட்டுன்னு கிளையன்டுக்கு தோணிடும். அதுக்கு பதிலா பழையவர் அஞ்சு நிமிஷம் பேசிட்டு ஒதுங்கிடணும், அப்புறம் புதுசா வந்தவங்க தனக்கு தெரிஞ்சதை ஒப்பிக்கணும். உங்க பெரிய கிளையன்ட்டையே எடுத்துக்குவோம். "ரெண்டு கிளைக்கு புது செட்டப் பாதில நிக்குது, 20ஆம் தேதிக்குள்ள முடிக்கறதா பேச்சு. போன தடவை பில்லுல வந்த தப்புக்கு அடுத்த பில்லுல கழிச்சு தர்றதா சொல்லியிருக்கோம். அவசரம்னா மெயில் இல்லாம போன்தான் உங்களுக்கு வசதி. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா, எதாவது விட்டிருக்கேனா?" இந்த கடைசி கேள்விதான் முக்கியம். கண்டிப்பா ஒண்ணு ரெண்டு திருத்துவாங்க, பழையவர் சொல்ல மறந்தது அங்கதான் வெளிய வரும். கிளையன்ட் பழக்கதோஷத்துல பழையவரை பாத்தே கேள்வி கேப்பாங்க, அவர் சட்டுனு பதில் சொல்லிடக்கூடாது, "அவங்க சொல்லட்டும்"னு திருப்பி விடணும். இதை முன்னாடியே அவர்கிட்ட பேசி வைங்க. மீட்டிங் முடியும்போது ரெண்டு நாள்ல முடியற சின்ன வேலை ஒண்ணை புதுசா வந்தவங்க பேருல ஒத்துக்கிட்டு, சொன்ன நேரத்துல முடிச்சு அனுப்பணும். முதல் ஒரு மாசம் ரிப்போர்ட் வடிவத்தை மாத்தறேன், மீட்டிங் நாளை மாத்தறேன்னு எதையும் தொட வேணாம், எவ்வளவு நல்ல ஐடியாவா இருந்தாலும் சரி.

ரினியூவல் விஷயத்துக்கு வர்றேன். பழையவர் இருக்கும்போதே அவசரமா கையெழுத்து வாங்கி, அப்புறம் அவர் கிளம்பறதை சொல்லலாம்னு சிலருக்கு தோணும். பண்ணாதீங்க, மறைச்சு வாங்கிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க, அடுத்த வருஷம் அந்த கோவம் உங்க மேல திரும்பும். விலை பேச்சை இந்த ஒரு தடவை நீங்க எடுத்துக்கோங்க, உங்களை அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதுசா வந்தவங்க கூட உக்காரட்டும், வேலை சம்பந்தமா எந்த கேள்வி வந்தாலும் அவங்க பதில் சொல்லட்டும். வந்த ரெண்டு மாசத்துலயே விலைய பேச வந்த ஆளுன்னு அவங்க மேல முத்திரை விழுந்துடக்கூடாது.

ஐடி பக்கம் சின்ன வேலைகள் இருக்கு, மறந்தா மானம் போயிடும். வாராவாரம் நடக்கற மீட்டிங் அழைப்பு பழையவர் பேருல போயிருந்தா, அவர் அக்கவுண்ட்டை நீக்கும்போது அது காணாம போகலாம், அதனால புது பேருல முன்னாடியே திரும்ப அனுப்பிடுங்க. அவர் மெயிலுக்கு வர்றதை மூணு மாசமாவது புதுசா வந்தவங்களுக்கு திருப்பி விடுங்க. அவரோட சொந்த போன்ல கிளையன்ட் சாட் இருந்தா நிலுவைல என்ன இருக்குன்னு உக்காந்து எழுதி வாங்கிக்கோங்க.

அப்புறம் கவனிங்க. கிளையன்ட் புதுசா வந்தவங்களை தாண்டி நேரா உங்களையே கூப்பிடறாங்க, மீட்டிங்குக்கு மேல இருக்கறவர் வராம ஜூனியரை அனுப்பறாங்க, முன்ன எல்லாத்துக்கும் சண்டை போட்டவங்க திடீர்னு அமைதி ஆயிட்டாங்கன்னா இன்னும் ஒட்டலைன்னு அர்த்தம். எனக்கு இதுல கடைசிதான் அதிக பயம். உங்களை கூப்பிட்டா கேட்டுக்கோங்க, ஆனா பதிலை நீங்களே கொடுத்துடாதீங்க, பத்து நிமிஷத்துல புதுசா வந்தவங்களே பேசுவாங்கன்னு சொல்லி அவங்களை விட்டே பேச வைங்க. நீங்க ரெண்டு தடவை நேரா முடிச்சு கொடுத்தீங்கன்னா மூணாவது தடவை புதுசா வந்தவங்களுக்கு போனே வராது.

முப்பதாவது நாள் வாக்குல நீங்க மட்டும் தனியா கிளையன்டுக்கு போன் போடுங்க. "எல்லாம் ஓகேவா"ன்னு கேட்டா ஓகேன்னுதான் வரும். "இந்த ஒரு மாசத்துல பழையவர்கிட்ட சொன்ன எதையாவது திரும்ப சொல்ல வேண்டி வந்துச்சா?"ன்னு கேளுங்க. ஆமான்னு வந்தா அது என்னன்னு எழுதிக்கிட்டு, மீதி 13 பேருக்கும் அதே விஷயம் விட்டுப்போயிருக்கான்னு அன்னைக்கே பாத்துடுங்க.