மேற்கே பார்க்கும் டிஷ்

அன்புள்ள சார்,

தெருப் படத்தைக் காட்டி எந்த இடம் என்று கேட்கும் ஜியோகெஸ்ஸர் விளையாட்டில் ஆறு மாதமாக ஊறிக் கிடக்கிறேன். செல்போன் டவர், டிஷ், ஏசி இதையெல்லாம் பார்த்தே சிலர் நாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. போன வாரம் பனைமரமும் ஓட்டு வீடும் பார்த்து நாகப்பட்டினம் பக்கம் குத்தினேன். விடை யாழ்ப்பாணம். அந்த வீட்டில் இரண்டு டிஷ் இருந்தன. ஒன்று தென்கிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று மேற்கே சற்றுத் தாழ்வாக. அதிலேயே விடை இருந்ததா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

இருந்தது, அந்த மேற்கே பார்த்த டிஷ்ஷில். தென்கிழக்கு டிஷ்ஷை மட்டும் பார்த்திருந்தால் நானும் நாகையில்தான் குத்தியிருப்பேன்.

டிவி ஒளிபரப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் நமக்கு அவை வானத்தில் ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்கும். அதனால் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் முகவரி ஒரே ஓர் எண்தான்: எந்தத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது என்பது. டாடா பிளே கிழக்கு 83 டிகிரி. டி2எச் 88. சன் டைரக்டும் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷும் 93.5. டிஷ் டிவி 95. ஏர்டெல் 108.2. தமிழ்நாடு கிடப்பது 76-க்கும் 80-க்கும் சொச்சத்துக்கும் இடையில். எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அத்தனையும் நமக்குக் கிழக்கே. தமிழ்நாட்டில் வீட்டுக் கூரையில் இருக்கும் டிடிஎச் டிஷ் எந்தக் கம்பெனியுடையதானாலும் தெற்கிலிருந்து கிழக்குப் பக்கமாகத்தான் திரும்பியிருக்கும். சென்னையில் டாடா டிஷ் தெற்கிலிருந்து 12 டிகிரிதான் கிழக்கே விலகும். ஏர்டெல் டிஷ்ஷோ 67 டிகிரி திரும்பிக் கிட்டத்தட்டக் கடலைப் பார்க்கும். அடுக்குமாடி மொட்டைமாடியில் டிஷ்ஷெல்லாம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். அப்போதும் ஒன்றுகூட மேற்கே திரும்பாது.

இலங்கையின் டயலொக் டிவி வருவது கிழக்கு 45 டிகிரியில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து. யாழ்ப்பாணம் 80-இல் இருக்கிறது. 35 டிகிரி மேற்கே பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் திசை மேற்கிலிருந்து ஒரு 14 டிகிரி தெற்கே சாய்ந்து வரும். உயரம் அடிவானத்திலிருந்து 48 டிகிரி. அதே கூரையிலிருந்து சன் டைரக்ட் தென்கிழக்கே 70 டிகிரி உயரத்தில் இருக்கும். நீங்கள் கண்ட இரண்டு டிஷ்ஷும் இவைதான், அல்லது இவற்றின் பங்காளிகள். பனை, ஓடு, தமிழ்ப் பலகை, இடப்பக்க ஓட்டம் எல்லாம் இரண்டு கரைக்கும் பொது. இந்த மேற்குப் பார்வை மட்டும் தென்கரைக்கு உரியது.

இதில் ஒரு விலக்கு உண்டு. கேபிள்காரரின் மாடியில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய டிஷ்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர் பல செயற்கைக்கோள்களிலிருந்து சேனல் பிடிப்பவர். அவருடைய டிஷ்கள் கிழக்கும் பார்க்கும், மேற்கும் பார்க்கும். நமக்கு வேண்டியது வீட்டுச் சுவரில் மாட்டிய இரண்டடி டிஷ்.

உங்கள் படத்தில் தென்கிழக்கு டிஷ் மட்டும் இருந்திருந்தால்? யாழ்ப்பாணத்தில் தமிழ் சேனலுக்காக இந்திய டிஷ் மாட்டிய வீடுகள் ஏராளம். நாகையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சன் டைரக்டைப் பார்த்தால் உயரத்தில் ஒரு டிகிரி வித்தியாசம், திசையில் இரண்டு மூன்று டிகிரி. படத்தை வைத்துக் கண்ணால் அளக்கும்போது ஐந்து டிகிரி பிழை சாதாரணமாக வரும். நம் பகுதியில் அந்த ஐந்து டிகிரி தரையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்குச் சமம். பாக்கு நீரிணையை அதை வைத்துப் பிரிக்க முடியாது. டிஷ் சொல்வது இரண்டே செய்தி: எந்த செயற்கைக்கோள், பூமியில் ஏறத்தாழ எந்த இடம். நாடு என்பது நாம் அதிலிருந்து ஊகிப்பது. வானலைக்குக் கடவுச்சீட்டு கிடையாது.

அடுத்தது சாய்வு. பலரும் கோட்டை விடும் இடம் இது. சென்னையிலிருந்து டாடா செயற்கைக்கோள் 74 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேல் இருக்கிறது. ஆனால் மாடியில் போய்ப் பார்த்தால் டிஷ் அவ்வளவு மல்லாந்து கிடக்காது. பாதி நிமிர்ந்துதான் இருக்கும். வீட்டு டிஷ்ஷில் அலையை வாங்கும் சின்ன உருளையான எல்.என்.பி. நடுவில் இல்லை, கீழிருந்து நீளும் கையின் நுனியில் இருக்கிறது. தட்டு ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு மாதிரி. அதனால் தட்டின் முகம் காட்டும் கோணத்தைவிட அது நிஜமாகப் பார்க்கும் கோணம் இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே. கண்ணில் படும் சாய்வோடு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதைக் கூட்டினால் ஊருக்கு ஊர் வித்தியாசம் கண்ணில் படும். அதே டாடா, டெல்லியில் 56 டிகிரிதான். அங்கே டிஷ் சென்னையைவிட நிமிர்ந்து நிற்கும். இன்னும் வடக்கே, லண்டனில் ஸ்கை நிறுவனத்தின் சின்ன டிஷ் கிழக்கு 28.2 டிகிரியைத் தென்கிழக்கே பார்க்கிறது. உயரம் 25 டிகிரி. முகத்தில் இருபத்துச் சொச்சத்தைக் கழித்தால் என்ன மிச்சம்? அதனால் அங்கே செங்கல் சுவரில் டிஷ் பலகை அறைந்ததுபோல நெட்டுக்குத்தாக நிற்கும். தென்னாப்பிரிக்காவில் எல்லாம் வடக்கே திரும்பிக்கொள்ளும், ஏனென்றால் பூமத்திய ரேகை அவர்களுக்கு வடக்கே.

ஜாவாவில் இன்னொரு கூத்து. வீட்டு முற்றத்தில் ஆள் படுக்கலாம் போல ஒரு கம்பிவலை டிஷ், எல்.என்.பி. நடுவில், வாணலியை மல்லாத்தி வைத்ததுபோல வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அவர்களுடைய செயற்கைக்கோள்களில் ஒன்று 108 டிகிரியில், ஜகார்த்தா 107-க்குப் பக்கத்தில், நேர் உச்சிதான். வலை எதற்கு, அவ்வளவு பெரிசு எதற்கு என்றால், மழை. நம் வீட்டு டிஷ் பிடிக்கும் கு-பேண்ட் அலையை அடைமழை தின்றுவிடும். ஐப்பசியில் முக்கியமான கட்டத்தில் டிவி கட்டம் கட்டமாகச் சிதறுவது அதனால்தான். ஜாவாவின் வலை டிஷ் பிடிக்கும் சி-பேண்ட் அலை ஏழு சென்டிமீட்டர் நீளம். மழை அதை அவ்வளவாகத் தொடாது, வலையின் ஓட்டை வழியாகவும் அது நழுவாது. பதிலுக்கு டிஷ் பெரிதாக இருந்தாக வேண்டும். ஆக, மல்லாந்து கிடக்கும் பெரிய வலை டிஷ்ஷைக் கண்டால் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

திசைக்கு விளையாட்டிலேயே திசைகாட்டி இருக்கிறது, அதை நம்புங்கள். நிழலை வைத்துத் தெற்கு பார்க்கும் பழக்கம் நம் பக்கம் காலை வாரும். சித்திரை பிறந்ததும் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு வந்து, ஆவணி வரை நண்பகலில் வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் எடுத்த படத்தில் நிழல் தெற்கே விழும். டிஷ்ஷெல்லாம் தப்பான பக்கம் திரும்பியதுபோலத் தோன்றும்.

செத்த டிஷ் இன்னொரு பொறி. உயிரோடு இருக்கும் டிஷ் பொய் சொல்லாது. இரண்டு மூன்று டிகிரி விலகினாலே படம் போய்விடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது எங்கள் டிஷ்ஷும் திரும்பிக்கொண்டது. நான்காம் நாள்தான் ஆள் வந்தார். போல்ட்டைத் தளர்த்தி, தட்டை விரல்நுனியால் நகர்த்தி, "வருதா, வருதா" என்று மாடியிலிருந்து கேட்க, நான் கீழே டிவி முன்னால் நின்று சிக்னல் எண்ணைக் கத்திச் சொன்னேன். மயிரிழை தூரத்தில் பூஜ்யம் எழுபதானது. பக்கத்து வீட்டுக்காரர் கேபிளுக்கு மாறிவிட்டார். அவர் டிஷ் இன்றைக்கும் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதை மட்டும் படத்தில் பார்ப்பவர் எங்கள் தெருவைத் தென் அரைக்கோளத்தில் கொண்டுபோய் வைப்பார். எனவே எல்.என்.பி. இருக்கிறதா, வயர் தொங்குகிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கம்பெனி டிஷ் இரண்டு மூன்று வீட்டில் ஒரே பக்கம் பார்த்தால்தான் சாட்சி.

ஏசியில் ஸ்பிளிட் வந்தபின் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வெளிப்பெட்டி உலகமெங்கும் ஒரே வெள்ளைப் பெட்டிதான். ஆனால் வட இந்தியாவில் ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் தொங்கும் கூலர் பெட்டியை விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் புல் அடைத்த தட்டி, கீழே தண்ணீர், உள்ளே விசிறி. தண்ணீர் ஆவியாகி காற்றைக் குளிர்விக்கும் சாதனம் அது. காற்று வறண்டிருந்தால்தான் வேலை செய்யும். டெல்லியிலும் ராஜஸ்தானிலும் தெருத்தெருவாகத் தொங்கும், சென்னைப் புழுக்கத்தில் வாங்கினால் அறைதான் ஈரமாகும். எனவே வரிசையாகக் கூலர் தொங்கும் தெரு கடலோரமாக இருக்க வாய்ப்பு குறைவு. இது நாட்டை அல்ல, காற்றைச் சொல்கிறது. ஈரானிலும் அரிசோனாவிலும் இதே தத்துவத்தில் ஓடும் பெட்டியைக் கூரையில் வைத்திருக்கிறார்கள்.

டவர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. சிவப்பு வெள்ளைப் பட்டை விமானத்துக்கான எச்சரிக்கை, பல நாட்டில் உண்டு. மேலே கட்டிய ஆன்டெனாக்களை விற்பவையும் விரல்விட்டு எண்ணும் கம்பெனிகள். பைன் மர வேஷம் போட்ட டவரைக் கண்டால் அமெரிக்காவை முதலில் நினையுங்கள். மொட்டைமாடியில் கம்பிகளால் இழுத்துக் கட்டிய ஒல்லிக் கம்பங்களைக் கண்டால் இந்தியாவையும் பட்டியலில் வையுங்கள். அதற்கு மேல் நான் போவதில்லை.

அந்தப் படத்தின் இணைப்பு இருந்தால் அனுப்புங்கள். மேற்கே பார்க்கும் டிஷ்ஷின் தட்டில் எழுத்து ஏதும் தெரிகிறதா என்று பெருக்கிப் பார்க்க ஆசை.