இஞ்சி, துளசி, மஞ்சள் கஷாயம்: தினமும் குடிக்கலாமா, மாத்திரையாக வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். குளிர் தொடங்கியதிலிருந்து வீட்டில் எல்லோரும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் இஞ்சி, துளசி, மஞ்சள் கஷாயம் குடிக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவருக்குத் தொண்டைக் கரகரப்பு போகவே இல்லை, காலையில்தான் அதிகம். மருந்துக் கடையில் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை நல்லது என்கிறார்கள். அதை வாங்கித் தரலாமா?

பதில்: அப்பாவுக்கு அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கஷாயம் குடித்து வருவதை அவருடைய டாக்டரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை உடனே செய்துகொள்ளுங்கள். மஞ்சள் சத்து எடுத்த ஒருவருக்கு வார்ஃபரினின் வேகம் கூடி ஐ.என்.ஆர். ஏறிய சம்பவத்தை வைத்து நியூஸிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே எச்சரித்திருக்கிறது. இஞ்சியும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் கொஞ்சம் தளர்த்தக்கூடியது. கஷாயம் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மருந்தின் அளவை மாற்றியிருந்தால், கஷாயத்தை நிறுத்தும்போது ஐ.என்.ஆர். மறுபடி நகரலாம். அதனால் நீங்களாக வார்ஃபரினைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பல் தேய்க்கும்போது ரத்தம், காரணமில்லாத நீல ரத்தக்கட்டு, கருப்பாக மலம் என்று ஏதாவது தெரிந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டுக் கஷாயத்துக்கும் அந்த மாத்திரைக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், தூளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான். கால் டீஸ்பூன் தூள் முக்கால் கிராம் இருக்கும். அதில் குர்குமின் சுமார் 20 மில்லிகிராம். அட்டையில் 500 மில்லிகிராம், 95 சதவீதம் என்று போட்ட மாத்திரையில் 475 மில்லிகிராம். அதாவது இருபது மடங்குக்கும் மேல். போதாததற்கு மிளகுச் சத்து. உங்கள் ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாக இருந்தது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சப்படுவது 20 மடங்கு கூடியது. விளம்பரங்கள் இதைப் பெருமையாகச் சொல்கின்றன. ஆனால் மற்ற மருந்துகளோடு மோதும் வாய்ப்பும், அபூர்வமாகக் கல்லீரல் கெடும் வாய்ப்பும் இதே வழியில்தான் வருகின்றன. இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு எச்சரிக்கை விடுத்தது இப்படிப்பட்ட மாத்திரைகளைப் பற்றித்தான், சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி அல்ல. தொண்டைக்கென்று இந்த மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை; அது தொண்டையைத் தொடாமல் நேரே வயிற்றுக்குள் போய்விடுகிறது.

சரி, கஷாயம் உண்மையில் என்னதான் செய்கிறது? முதல் பங்கு வெந்நீருடையது. 2008-ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்தவர்களுக்கு ஒரே பழ பானத்தைச் சூடாகவும், ஆறியபடியும் கொடுத்துப் பார்த்தார்கள். தொண்டை வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் சூடாகக் குடித்தவர்கள்தான். இஞ்சியின் காரம் எச்சிலைச் சுரக்க வைத்து வறண்ட தொண்டையை நனைக்கிறது. துளசியின் வாசனை எண்ணெய் மூக்கைத் திறந்ததுபோல ஓர் உணர்வைத் தரும். தண்ணீரில் கரையாத மஞ்சள்தான் மூன்றில் கடைசி. ஒன்றிரண்டு மணி நேர இதம் கிடைக்கும். கிருமி சாகாது, சளியின் நாட்களும் குறையாது.

அப்பாவின் கரகரப்பு காலையில் கூடுவதை நான் சாதாரணமாக விடமாட்டேன். இரவு படுத்திருக்கும்போது வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைச் சுட்டாலும் இப்படித்தான் இருக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமலேகூட இது வரும். அடிக்கடி கனைப்பது, தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலத் தோன்றுவது, எழுந்ததும் குரல் கம்முவது இதன் அடையாளங்கள். அப்படியிருந்தால் வெறும் வயிற்றில் குடிக்கும் காரமான இஞ்சி எரிச்சலைக் கூட்டும். கரகரப்பு கூடியதென்று கஷாயமும் கூடும், பிறகு அதனால் கரகரப்பும் கூடும். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, தலைப்பக்கம் கட்டில் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திப் பாருங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, எச்சிலில் ரத்தம் வந்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் குடிக்கலாம், ஆனால் தொண்டை வலிக்கும் மூன்று, நான்கு நாட்களுக்கு மட்டும், அதுவும் ஏதாவது சாப்பிட்ட பிறகு. இரண்டு பேருக்கு 300 மில்லி தண்ணீர், கட்டை விரலின் மேல் கணு அளவு இஞ்சி, ஏழெட்டுத் துளசி இலை போதும். இஞ்சியைத் தோல் சீவி, ஒன்றிரண்டாகத் தட்டி, கொதிக்கும் நீரில் போட்டு, சிறு தீயில் மூடி வைத்து ஏழு நிமிடம் விடுங்கள். துளசியைக் கொதிக்க வைக்காதீர்கள். வாசனை ஆவியோடு போய், சமையலறைதான் மணக்கும். அடுப்பை அணைத்தபின் இலையைக் கிள்ளிப் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். மஞ்சள் வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை, வடிகட்டும் முன்பே. பிறகு போட்டால் அடியில் தங்கும் தூள் கடைசி வாயில் தொண்டையில் பிடித்து இருமல் வரும். சுக்கு சேர்ப்பவர்கள் கால் டீஸ்பூனுக்கு மேல் போகவேண்டாம். உலரும்போது இஞ்சியின் காரம் வேறொன்றாக மாறிக் கூடிவிடும்.

பலர் தவறும் இடம் வேறு. கஷாயத்தைக் கால் பங்காக வற்றக் காய்ச்சுவது நம் வைத்திய முறைதான். ஆனால் அதைச் சில வாய் அளவுதான் கொடுப்பார்கள். வற்ற வைத்துவிட்டு டம்ளர் நிறையக் குடித்தால் வயிறு எரியத்தான் செய்யும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியிருக்கிறது. நாக்கு தாங்கும் சூடு வந்ததும் தேன் சேர்க்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினசரி மஞ்சளைத் தவிர்க்க வேண்டும், அதில் ஆக்ஸலேட் அதிகம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் துளசியைத் தினமும் குடிக்கும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

ரெடிமேட் கஷாயப் பொடி வாங்கினால் உட்பொருள் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எடையில் அதிகமானதை முதலில் எழுதவேண்டும் என்பது விதி. அங்கே சர்க்கரையோ வெல்லமோ இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அதைத்தான். மஞ்சள் தூளில் ஒரு டீஸ்பூனை அசைக்காமல் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல தூள் அடியில் இறங்கி, தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். தண்ணீர் பளீரென்று அடர் மஞ்சளானால் சாயம் கலந்திருக்கலாம். பளபளவென்று மெருகேற்றிய விரலி மஞ்சளையும் நம்பி வாங்கவேண்டாம். நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈய நச்சுச் சாயத்தைப் பூசுவது விரலியிலும் நடக்கிறது, அதைத் தண்ணீர்ச் சோதனை எல்லா நேரமும் காட்டிக்கொடுத்துவிடாது.